விற்றுத் தீர்ந்தாலும் தீராத ஒப்பந்தம்

சென்னையில் ஒரு பதிப்பகத்தின் உரிமைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒப்பந்தக் கோப்பு, ராயல்டிக் கணக்கு, மொழிபெயர்ப்பு அனுமதிக் கடிதம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அங்கிருந்து விலகிய பிறகும் எழுதுகிற நண்பர்கள் தங்களுக்கு வரும் ஒப்பந்தத்தை அனுப்பி, "இதுல என்னதான் இருக்கு, ஒரு பக்கத்துல சொல்லேன்" என்பார்கள். நான் வக்கீல் இல்லை. வழக்கு, நோட்டீஸ் என்று போனால் வக்கீலைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தாளர் கையில் இருக்க வேண்டிய அந்த ஒரு பக்கத்தை எழுத வக்கீல் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். எப்படி எழுதுகிறேன் என்பதை ஒரே ஒரு ஒப்பந்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

தென்காசிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்காவின் முதல் நாவல். பதிப்பகம் ஏழு பக்க ஆங்கில வரைவை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தது. அக்கா போனில் சொன்னார்: "பத்து சதவீதம்ங்கிற இடம் மட்டும்தான் தம்பி எனக்குப் புரியுது. கையெழுத்துப் போடலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க."

"அத நான் சொல்லக் கூடாதுக்கா. எதுல கையெழுத்துப் போடுறீங்கன்னு எழுதித் தாறேன். போடுறதும் விடுறதும் உங்க முடிவு."

இது சும்மா அடக்கத்துக்காகச் சொல்வது இல்லை. சுருக்கம் எழுதுகிறவர் 'நல்ல ஒப்பந்தம்', 'மோசமான ஒப்பந்தம்' என்று தீர்ப்பு எழுத ஆரம்பித்தால், எழுத்தாளர் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு மீதியை மடித்து வைத்துவிடுவார். அதனால் என் தாளில் நான்கே தலைப்பு: என்ன உரிமை போகிறது, என்ன பணம் வருகிறது, எத்தனை காலம், எப்போது எப்படித் திரும்பி வரும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஷரத்து எண் இருக்கும். எண் இல்லாத சுருக்கத்தை வைத்துக்கொண்டு பதிப்பாளரிடம் பேச முடியாது. 'எங்கே அப்படி இருக்கிறது?' என்ற முதல் கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்று, படிக்கும் வரிசை. நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகப் படிப்பதில்லை. முதலில் வரையறைகள் இருக்கும் ஷரத்து, அடுத்து கடைசியில் 'பொது' என்ற தலைப்பில் கிடக்கும் சில்லறை ஷரத்துகள், அதற்கப்புறம்தான் நடுப்பகுதி. ராயல்டி, காலம் என்று தலைப்புப் போட்ட இடங்களை எல்லோரும் படிப்பார்கள் என்பது வரைவு எழுதுகிறவருக்குத் தெரியும். அந்த ஷரத்துகளின் பொருளை மாற்றும் வாசகங்கள் முன்னும் பின்னும்தான் இருக்கும். அக்காவின் ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது.

முதலில் உரிமை. ஷரத்து 2 சொன்னது இது: நூலின் எல்லா உரிமைகளையும், எல்லா மொழிகளிலும், இப்போது உள்ள, இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதற்கும் எழுத்தாளர் பதிப்பாளருக்கு 'அசைன்' செய்கிறார். அசைன் செய்வது என்றால் சொன்ன உரிமைகளுக்கு, சொன்ன காலம் வரை, பதிப்பாளரே உரிமையாளர். லைசென்ஸ் என்றால் உரிமை எழுத்தாளரிடமே இருக்கும், பயன்படுத்தும் அனுமதி மட்டும் போகும். நடைமுறையில் இந்த வித்தியாசம் எப்போது தெரியும் என்றால், பதிப்பகம் கை மாறும்போதும், பதிப்பாளர் உங்கள் நூலின் மொழிபெயர்ப்பு உரிமையை உங்களைக் கேட்காமலேயே இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும். 'காப்பிரைட் ஆசிரியருக்கே' என்று புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். ஒப்பந்தம் அசைன்மெண்ட்டாக இருந்தால் அந்த வரிக்குப் பலம் கிடையாது.

இந்த இடத்தில் தாளில் நான் எழுதியது:

> உரிமை (ஷரத்து 2): நீங்கள் கொடுப்பது தமிழ் அச்சுப் புத்தகம் மட்டும் அல்ல. மின்நூல், ஒலிநூல், எல்லா மொழிபெயர்ப்பும், சினிமா, வெப் சீரிஸ், நாடகம், பாடப்புத்தகத்தில் பகுதியாகச் சேர்ப்பது, எல்லாம் போகின்றன. உலகம் முழுவதும். லைசென்ஸ் அல்ல, அசைன்மெண்ட்.

'எல்லா உரிமைகளும்' என்று அப்படியே எழுதி முடித்திருந்தால் அக்காவுக்கு ஒன்றும் உறைத்திருக்காது. பட்டியலாக விரித்ததும், "சினிமாவுமா? இவங்க சினிமா எடுக்கிறவங்களா தம்பி?" என்று கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி அதுதான். ஒவ்வொரு உரிமைக்கும் கேட்க வேண்டியது, இதை இந்தப் பதிப்பகம் உண்மையிலேயே செய்கிறதா என்பதே. அவர்கள் அச்சுப் புத்தகமும் மின்நூலும் போடுகிறார்கள். மலையாளப் பதிப்பகங்களோடு தொடர்பு இருக்கிறது, இரண்டு மூன்று நூல்கள் அப்படிப் போயிருக்கின்றன. ஒலிநூல் ஒன்றுகூட வெளியிட்டதில்லை. சினிமாவோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பயன்படுத்தாத உரிமையை வாங்கிப் பூட்டி வைப்பதால் அவர்களுக்குப் பெரிய லாபம் கிடையாது. ஆனால் நாளைக்கு ஓர் இயக்குநர் அக்காவைத் தேடி வந்தால், பாதிப் பணம் பதிப்பகத்துக்குப் போகும். ஷரத்து 9 அப்படித்தான் சொன்னது.

உரிமைகள் பிரிந்து பிரிந்து வெவ்வேறு கையில் இருப்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் தனியாக இருந்தது. 1949இல் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியபோது அவர் அதைப் பணம் வாங்காமல் கொடுத்தார். அச்சு உரிமை ஒரு பக்கம், ஒலி உரிமை இன்னொரு பக்கம் என்று அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

'இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்' என்ற சொற்களுக்கும் ஒரு குறிப்புப் போட்டேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 2012இல் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். ஒப்பந்தம் போடும் நேரத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஓர் ஊடகத்தை ஒப்பந்தம் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர, அந்த ஊடகத்துக்கு அசைன்மெண்ட் செல்லாது. ஆகவே இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதுவது எவ்வளவு தூரம் செல்லும் என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் வாதம் செய்ய நீதிமன்றம் போக வேண்டும், முதல் நாவல் எழுதியவர் யாரும் போகப்போவதில்லை. எனவே அந்தச் சொற்களை எடுக்கச் சொல்லிக் கேட்பதே மேல் என்று எழுதினேன்.

அடுத்தது பணம். "பத்து சதவீதம்ங்கிற இடம் மட்டும் புரியுது" என்றார் இல்லையா, உண்மையில் அதிகம் விளக்க வேண்டியிருந்தது அந்த இடத்தைத்தான். ஷரத்து 7 'நிகர வரவில் 10%' என்றது. நிகர வரவு என்றால் என்ன என்று ஷரத்து 1இல் இருந்தது: கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு, அனுப்பும் செலவு, வராக்கடன் ஆகியவை போக மிஞ்சுவது.

இதைச் சுருக்கத்தில் வார்த்தையால் விளக்கிப் பயனில்லை, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். புத்தகத்தின் விலை 300 ரூபாய், முதல் பதிப்பு 500 பிரதி என்று பதிப்பாளரே சொல்லியிருந்தார். முதல் ஆண்டில் 400 விற்கிறது என்று வைத்துக்கொண்டேன். அதில் 250 கடைகள் வழியாக, 35% கழிவில். மீதி 150 புத்தகக் கண்காட்சியிலும் நேரடியாகவும், வழக்கமான 10% தள்ளுபடியில்.

கடை வழியாக ஒரு பிரதிக்குப் பதிப்பாளர் கைக்கு வருவது 195 ரூபாய், 250 பிரதிக்கு 48,750. நேரடி விற்பனையில் 270 ரூபாய் வீதம் 40,500. இரண்டும் சேர்த்து 89,250. அதில் பத்து சதவீதம் 8,925 ரூபாய். விலையில் பத்து சதவீதம் என்றிருந்தால் பிரதிக்கு 30 ரூபாய், 400 பிரதிக்கு 12,000. அதே 'பத்து சதவீதம்'தான், மூவாயிரத்துக்கு மேல் குறைகிறது. இதில் அனுப்பும் செலவையும் வராக்கடனையும் நான் கழிக்கவே இல்லை. ஒரு கடை பணம் தராமல் மூடிவிட்டுப் போனால் அந்த நஷ்டத்தில் எழுத்தாளருக்கும் பங்கு என்பதுதான் வராக்கடன் என்ற சொல் அங்கே செய்யும் வேலை.

அதோடு முடியவில்லை. கடைகள் திருப்பி அனுப்பக்கூடிய பிரதிகளுக்காக ராயல்டியில் 20% ஒரு வருடம் நிறுத்தி வைக்கப்படும் என்றது ஷரத்து 7இன் நான்காம் உட்பிரிவு. 8,925இல் 1,785 போக முதல் ஆண்டு கைக்கு வருவது 7,140. அக்கா மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு 12,000. இந்த இரண்டு எண்களையும் தாளில் அடுத்தடுத்து எழுதினேன், வேறு விளக்கம் எழுதவில்லை.

நூலக ஆணை தனி. தமிழ்நாட்டில் பொது நூலகங்களுக்கு அரசு வாங்கும்போது தனியாக விலை போடுவார்கள். அது அட்டையில் உள்ள விலையாக இருக்காது. பணம் வரத் தாமதமாவதும் உண்டு. அதனால் பதிப்பாளர்கள் நூலக ஆணைக்குக் குறைந்த ராயல்டி வைப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அக்காவின் ஒப்பந்தத்தில் 5%. இதை நான் 'கேட்க வேண்டியவை' பட்டியலில் சேர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் முக்கியமானதுக்குப் போடத் தெம்பு இருக்காது. பணம் வந்த எத்தனை நாளுக்குள் எழுத்தாளருக்குத் தர வேண்டும் என்பதை மட்டும் எழுதச் சொன்னேன்.

கணக்கு அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் 31 முடிந்து 90 நாளுக்குள், அவ்வளவுதான். வெறும் 'விற்பனை: 340' என்று ஒரு வரி வந்தால் எழுத்தாளர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? அச்சிட்டது, இலவசமாகக் கொடுத்தது, கையிருப்பு, விற்றது, திரும்பி வந்தது என்று ஐந்து எண்கள் வேண்டும். 500 அச்சிட்டு, 25 இலவசப் பிரதி போய், கிடங்கில் 75 இருந்தால், விற்றிருக்க வேண்டியது 400. அறிக்கையில் 340 என்று இருந்தால் அந்த 60 பிரதி எங்கே என்று கேட்கலாம். அநேகமாக விற்ற பிறகு பணம் தரச் சொல்லிக் கடைகளில் கொடுத்து வைத்ததாக இருக்கும், ஏமாற்று இருக்காது. ஆனால் கேட்க ஓர் எண் வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாததைச் சுருக்கத்தில் எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். 'ஒப்பந்தம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை' என்பதும் ஒப்பந்தத்தைப் பற்றிய தகவல்தான், பல நேரம் அதுதான் உருப்படியான தகவல்.

இனி காலமும் திரும்பலும். இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பல சுருக்கங்களில் பார்க்கிறேன். சேர்த்துப் படித்தால்தான் விஷயம் வெளியே வரும்.

காலம், ஷரத்து 11: பதிப்புரிமை உள்ள முழுக் காலத்துக்கும். இந்தியாவில் அது எழுத்தாளர் வாழ்நாளும், இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும். அதாவது பேரன் பேத்தி காலம் வரை. இதைப் பார்த்ததும் பலர் பதறிவிடுவார்கள். ஆனால் திரும்பும் வழி ஒழுங்காக இருந்தால் நீண்ட காலம் என்பது அவ்வளவு ஆபத்தில்லை. ஷரத்து 12இல் வழி இருப்பது போலத்தான் தெரிந்தது: நூல் அச்சில் இல்லாமல் போய், எழுத்தாளர் எழுத்தில் கேட்டு, 12 மாதத்துக்குள் பதிப்பாளர் மறுபதிப்புப் போடாவிட்டால் உரிமைகள் எழுத்தாளருக்குத் திரும்பும். அவசரமாகப் படிப்பவர் 'திரும்பும்: ஆம், 12 மாதம்' என்று எழுதிவிட்டுப் போவார்.

'அச்சில் இருக்கிறது' என்பதற்கான வரையறை மூன்று பக்கம் தள்ளி, ஷரத்து 1இல் இருந்தது. மின்நூலாகவோ, பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையிலோ, எந்த வடிவத்திலாவது கிடைத்துக்கொண்டிருக்கும் வரை நூல் அச்சில் இருப்பதாகக் கருதப்படும். கிடங்கில் பிரதி தீர்ந்து எந்தக் கடையிலும் கிடைக்காமல் போனாலும், இணையத்தில் மின்நூல் பக்கம் ஒன்று இருந்தால் போதும். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டு வைக்கப் பதிப்பாளருக்குக் காசு செலவாகாது. பிரிண்ட் ஆன் டிமாண்டும் அப்படித்தான், யாராவது கேட்டால் ஒரு பிரதி அடித்துக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் செலவில்லை. ஆக இந்த நூல் ஒருநாளும் 'அச்சில் இல்லாமல்' போகாது. ஷரத்து 12 இருக்கும், அதைப் பயன்படுத்தும் நாள் மட்டும் வராது.

இது நம்மூர்த் தந்திரமும் இல்லை. 2007இல் அமெரிக்காவின் சைமன் அண்ட் ஷுஸ்டர் தன் மாதிரி ஒப்பந்தத்தில் இதே போல, குறைந்தபட்ச விற்பனை என்ற அளவுகோல் இல்லாமல், நூல் எந்த வடிவத்தில் கிடைத்தாலும் உரிமை தன்னிடமே இருக்கும்படி மாற்றியபோது, அங்குள்ள எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்டு வெளிப்படையாக எதிர்த்தது. பிறகு அந்த நிறுவனம் இறங்கி வந்தது. அப்போது பேசப்பட்ட தீர்வுதான் இன்றைக்கும் தீர்வு: 'கிடைக்கிறதா' என்று பார்க்காதே, 'எத்தனை விற்றது' என்று பார்.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. 19ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு: உரிமை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், பயன்படுத்தாத அந்த உரிமை தானாகக் காலாவதியாகும். ஒலிநூல் உரிமையை வாங்கிப் பூட்டி வைத்தால் ஒரு வருடத்தில் அது எழுத்தாளரிடம் வந்துவிடும் என்று பொருள். எழுத்தாளருக்கு இவ்வளவு சாதகமான வரி சட்டத்தில் அதிகம் இல்லை. ஆனால் அதே உட்பிரிவில் 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தால் தவிர' என்றும் இருக்கிறது. அக்காவின் ஒப்பந்தத்தில், 'பொது' என்ற தலைப்பின் கீழ், எந்த நீதிமன்ற எல்லை, நோட்டீஸ் எந்த முகவரிக்கு என்ற வரிகளுக்கு நடுவே, ஷரத்து 16இல் ஒரே வாக்கியம்: சட்டத்தின் 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. பிரிவு எண்ணை மட்டும் சொல்லி, அது என்ன சொல்கிறது என்று சொல்லாமல் விட்ட வாக்கியம். இந்திய ஒப்பந்தங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பிரிவு எண் வரும் இடத்தில் எல்லாம் சட்டத்தைத் திறந்து அந்தப் பிரிவைப் படிக்காமல் சுருக்கம் எழுதவே கூடாது.

அதே 19ஆம் பிரிவில் ஐந்தாம் உட்பிரிவு, ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்கிறது. ஆறாவது, எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது. 30ஏ பிரிவின்படி லைசென்ஸுக்கும் இவை பொருந்தும். ஆகவே காலம் எழுதாத பழைய பாணி அரைப்பக்க ஒப்பந்தம் சில நேரம் ஏழு பக்க ஒப்பந்தத்தைவிட எழுத்தாளருக்கு நல்லதாக அமைந்துவிடும். அப்படி ஒன்று கையில் இருந்தால், 'காலத்தைத் தெளிவாக எழுதுங்கள்' என்று பதிப்பாளரிடம் போய்க் கேட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1994 சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு மட்டும் இந்த விதிகள் பொருந்தாது. தாத்தா காலத்து நூல்களின் உரிமையைத் தேடுகிற வாரிசுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாளின் கடைசிப் பகுதி இப்படி அமைந்தது:

> காலம் (11): உங்கள் வாழ்நாள் + 60 ஆண்டுகள்.
> திரும்பல் (12, வரையறை 1, விலக்கு 16): எழுத்தில் இருக்கிறது. ஆனால் மின்நூல் இருக்கும் வரை நடக்காது. சட்டம் தானாகத் தரும் ஒரு வருடப் பாதுகாப்பையும் 16 எடுத்துவிடுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்: திரும்பாது.

அக்கா தாளைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடவே வேண்டாம் என்ற மனநிலைக்குப் போய்விட்டார். அதுவும் சரியில்லை. அந்தப் பதிப்பகம் மோசமான இடம் இல்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரி ஒப்பந்தத்தில் பெயரை மாற்றி எல்லோருக்கும் அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். பதிப்பாளருக்கும் ஒரு பக்கம் உண்டு. தட்டச்சு, மெய்ப்பு, அட்டை, அச்சு என்று கைக்காசைப் போட்டு 500 பிரதி அடித்து, அது விற்று முடிய இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒரு வருடத்தில் எழுத்தாளர் உரிமையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனால் அவர் நிலைமை என்ன? காலம் கேட்பதில் தப்பில்லை. முடிவில்லாத காலம் கேட்பதில்தான் தகராறு.

அக்காவே போன் போட்டுப் பேசினார். நான் பேசினால் வேறு மாதிரி ஆகியிருக்கும். பேசுவதற்கு நாலு விஷயம் மட்டும் எடுத்துக்கொடுத்தேன். அசைன்மெண்ட் வேண்டாம், தமிழ் அச்சுக்கும் தமிழ் மின்நூலுக்கும் பிரத்தியேக லைசென்ஸ். நிகர வரவுக்குப் பதிலாக அட்டை விலையில் ராயல்டி. ஏழு வருடக் காலம். விற்பனை எண்ணிக்கையை வைத்துத் திரும்பல்.

ராயல்டியில் பதிப்பாளர் தயங்கினார். விலையில் பத்து கட்டுப்படியாகாது, எட்டு தருகிறேன் என்றார். அக்கா உடனே எனக்குப் போன் போட்டார், "பத்த எட்டாக் குறைக்கிறாங்க தம்பி, விட்டுரலாமா?" என்று. அதே 400 பிரதிக் கணக்கில் எட்டு சதவீதம் போட்டால் பிரதிக்கு 24 ரூபாய், மொத்தம் 9,600. நிகர வரவில் பத்து சதவீதம் தந்தது 8,925. எட்டுதான் கூடுதல். அதோடு பதிப்பாளர் யாருக்கு எவ்வளவு கழிவு கொடுக்கிறார் என்று எழுத்தாளர் கவலைப்பட வேண்டியதில்லை. மொத்தமாக வாங்குபவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தால் நிகர வரவுக் கணக்கில் பிரதிக்கு 15 ரூபாயாக இறங்கியிருக்கும், இதில் 24 அப்படியே நிற்கும். எட்டுக்கு ஒத்துக்கொண்டார். ரிட்டர்னுக்கு நிறுத்தி வைப்பது 10% ஆகக் குறைந்தது, அறிக்கையில் ஐந்து எண்களும் வர வேண்டும் என்று ஷரத்து 8இல் சேர்ந்தது.

மலையாள மொழிபெயர்ப்பை மட்டும் அவர் விடவில்லை. அவருக்கு அங்கே ஆள் இருக்கிறது என்பதால் அது நியாயமாகவே பட்டது. 18 மாதத்துக்குள் அவர் ஏற்பாடு செய்தால் வரும் பணத்தில் எழுத்தாளருக்கு 75, அவருக்கு 25, அதற்குள் நடக்காவிட்டால் உரிமை அக்காவிடமே என்று முடிந்தது. சினிமா, ஒலிநூல் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டார். ஷரத்து 16இன் அந்த வாக்கியம் எதற்கு இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை, எடுத்துவிட்டார்.

திரும்பல் ஷரத்தைத் தமிழில் நான் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டார்கள். சாரம் இது: தொடர்ந்து இரண்டு ஆண்டுக் கணக்குகளில் அச்சுப் பிரதி விற்பனை 50க்குக் குறைந்தால், எழுத்தாளர் மின்னஞ்சலில் அறிவிக்கலாம். அறிவித்த ஆறு மாதத்துக்குள் குறைந்தது 300 பிரதி மறுபதிப்பு வராவிட்டால், மேற்கொண்டு எந்தக் கடிதமும் இல்லாமல் உரிமைகள் திரும்பும். மின்நூல் விற்பனை இந்த எண்ணிக்கையில் சேராது. முதலில் அக்கா 100 என்று கேட்டார், பதிப்பாளர் 50 என்றார். நான் 50 போதும் என்றேன். எண் எதுவானாலும், அறிக்கையிலேயே தெரியும் எண்ணாக அது இருந்தால் சரி. 'நியாயமான அளவு விற்பனை' போன்ற சொற்களைத்தான் ஏற்கவே கூடாது.

உரிமை திரும்பிய பிறகு என்ன நடக்கும் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது, பலரும் இங்கே கோட்டை விடுகிறார்கள். கையிருப்பை விற்க ஆறு மாதம், அதற்கும் ராயல்டி உண்டு. மின்நூலை 30 நாளுக்குள் தளங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்த மலையாள உரிமை அதன் காலம் முடியும்வரை நிற்கும், பணம் நேராக எழுத்தாளருக்கு வரும். உரிமை திரும்பினாலும் அட்டை ஓவியமும் பக்க வடிவமைப்புக் கோப்பும் எழுத்தாளருடையவை ஆகிவிடாது. ஐஎஸ்பிஎன் எண்ணும் பழைய பதிப்போடு போய்விடும், புதிய பதிப்பகம் புது எண் போடும். எழுத்தாளர் கையில் இருக்க வேண்டியது மெய்ப்புத் திருத்தம் எல்லாம் சேர்ந்த கடைசி வடிவத்தின் வேர்டு கோப்பு. அதைப் புத்தகம் அச்சுக்குப் போகும் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். ஐந்தாறு வருடம் கழித்துக் கேட்டால் அந்தக் கணினியே அங்கு இருக்காது.

திருத்திய ஒப்பந்தம் வந்ததும் பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு சுருக்கம் எழுதினேன். பேசியது வேறு, எழுத்தில் வந்தது வேறு என்று ஆவது சகஜம். அப்போதும் ஒன்று அகப்பட்டது. திரும்பல் ஷரத்து புதிதாக இருந்தது, ஷரத்து 1இல் 'அச்சில் இருக்கிறது' என்ற பழைய வரையறையும் அப்படியே கிடந்தது. நாளைக்கு இரண்டும் மோதும். அதை நீக்கிய பிறகுதான் கையெழுத்து.

புத்தகம் டிசம்பரில் வந்து கண்காட்சியிலும் ஓரளவு விற்றது. முதல் கணக்கு அறிக்கை ஜூன் கடைசியில் வந்தபோது விற்ற எண்ணிக்கையும் தொகையும் மட்டும் இருந்தன. அக்கா என்னிடம் கேட்கவில்லை. 'ஷரத்து 8இன்படி கையிருப்பு, இலவசப் பிரதி, ரிட்டர்ன் எண்ணிக்கையும் அனுப்பவும்' என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் ஐந்து எண்களும் வந்தன, கணக்கும் நேர் ஆனது.